பெட்டிக்குள் படுத்திருப்பது எந்த நண்டு?

கோயம்புத்தூரில் இருக்கும் என் தங்கை மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு வாட்ஸப்பில் படம் ஒன்று அனுப்பினாள். அவள் குடியிருக்கும் அடுக்ககத்தில் பத்துப் பதினைந்து வீடுகள் சேர்ந்து, வாரம் ஒருமுறை கடற்கரையிலிருந்து மீன் வரவழைக்கிறார்கள். வியாபாரி பெட்டியைத் திறந்து படம் எடுத்துப் போடுவார். ஏழு மணிக்குள் யாருக்கு எது, எத்தனை கிலோ என்று சொல்லிவிட வேண்டும். கையில் எடுத்துப் பார்ப்பது, முகர்ந்து பார்ப்பது எதுவும் கிடையாது. படம் மட்டும்தான்.

வெள்ளைத் தெர்மோகோல் பெட்டி. இடப்பக்கம் நண்டு, வலப்பக்கம் இறால், நடுவில் உடைத்த ஐஸ். கீழே வியாபாரி எழுதியிருந்தது மூன்றே பெயர்: சேற்று நண்டு, டைகர் இறால், கடல் வெள்ளை இறால். அதற்கும் கீழே இவள் கேள்வி: “மாமா, சொன்னதுதான் உள்ள இருக்கா? பாத்துச் சொல்லுங்க.”

மீன்வளம் படித்துவிட்டுப் பல வருஷம் மீன் இறங்குதளங்களில் கூடை கூடையாக எண்ணிக் குறித்தவன் என்பதால் இந்த மாதிரிக் கேள்விகள் எனக்கு அடிக்கடி வரும். கேட்பவர்கள் எல்லாரும் முதலில் நிறத்தைத்தான் சொல்வார்கள். பச்சையாக இருக்கிறது, நீலமாக இருக்கிறது என்பார்கள். படத்தில் நான் கடைசியாக நம்புவது நிறத்தை. டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லா நண்டும் கொஞ்சம் பச்சை தட்டும். நீல நிறப் பிளாஸ்டிக் கூடையில் கிடந்தால் வெள்ளை இறாலும் நீலம் பூசிக்கொள்ளும். ஐஸில் இரண்டு நாள் கிடந்தால் இருக்கிற நிறமும் வெளுத்துவிடும். ஓட்டின் விளிம்பில் எத்தனை பல், கொடுக்கில் எங்கே முள், மீசையில் வளையம் உண்டா இல்லையா என்பதெல்லாம் எந்த விளக்கிலும் மாறாது. ஆகவே படத்தை விரலால் பெரிதாக்கி, முதலில் நண்டுப் பக்கம் போனேன்.

நண்டில் நான் முதலில் தேடுவது கடைசிக் காலை. கொடுக்கு இரண்டையும் சேர்த்து நண்டுக்குக் கால் பத்து. அதில் கடைசி ஜோடியின் நுனி தட்டையாக, படகுத் துடுப்பு மாதிரி விரிந்திருந்தால் அது நீந்தும் நண்டுக் குடும்பம். நம் சந்தையில் கிலோக் கணக்கில் விற்கும் கடல் நண்டு, கழிமுகத்து நண்டு எல்லாமே அநேகமாக இந்தக் குடும்பம்தான். வயல் நண்டுக்கு இந்தத் துடுப்பு இருக்காது, எல்லாக் காலும் ஊசியாக முடியும். படத்தில் கிடந்த ஏழு நண்டிலும் துடுப்பு தெரிந்தது. சேற்று நண்டுக்கும் துடுப்பு உண்டு என்பதால், இதை வைத்து மட்டும் வியாபாரியைச் சந்தேகப்பட முடியாது.

அடுத்து ஓட்டின் விளிம்பு. ஒரு நண்டு மேலோடு தெரிய நேராகக் கிடந்தால் அதன் முன்விளிம்பைப் பாருங்கள். கண்ணுக்கு வெளியே தொடங்கி ஓட்டின் பக்கவாட்டு மூலை வரைக்கும் ரம்பம் மாதிரிப் பல் பல்லாகப் போகும். சேற்று நண்டுக்கு அப்படி ஒரு பக்கத்தில் ஒன்பது பல். ஒன்பதும் ஏறக்குறைய ஒரே அளவு. கடைசிப் பல் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்காது. அதனால் ஓடு பார்க்க முட்டை வடிவத்தில், மூலை மழுங்கித் தெரியும்.

நீலக்கால் நண்டுக்கும் ஒரு பக்கத்துக்கு ஒன்பதுதான். ஆனால் ஒன்பதாவது பல், பல்லாக இல்லாமல் நீண்ட முள்ளாக ஓட்டின் இரண்டு பக்கமும் குத்திக்கொண்டு வெளியே வரும். மற்றப் பற்களைவிடப் பல மடங்கு நீளம். பிடிக்கத் தெரியாதவர்கள் உள்ளங்கையில் வாங்கிக்கொள்வது இந்த முள்ளைத்தான். அந்த முள் இருக்கிற நண்டு சேற்று நண்டாக இருக்கவே முடியாது. படம் எவ்வளவு மங்கலாக இருந்தாலும், பல்லை எண்ண முடியாவிட்டாலும், இந்த ஒரு முள் தெரிந்துவிடும்.

படத்தில் பச்சையாகக் கிடந்த ஐந்து நண்டிலும் அந்த முள் இருந்தது.

“அஞ்சும் நீலக்கால் நண்டுதாம்மா” என்று எழுதினேன்.

“நீலமே இல்லியே மாமா? எல்லாம் பாசிப்பச்சையாத்தானே இருக்கு?”

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. சந்தையிலேயே பலர் இதை இரண்டு ஜாதி நண்டு என்றுதான் நினைத்திருக்கிறார்கள். நீலக் கொடுக்கும், கருநீல ஓட்டில் வெள்ளைத் திட்டுமாக அழகாக இருப்பது ஆண். மங்கிய பச்சையும் பழுப்புமாக இருப்பது அதே இனத்துப் பெண். கொடுக்கு நுனியில் மட்டும் கொஞ்சம் சிவப்போ ஊதாவோ ஓடும். பெயர் முழுக்க ஆணைப் பார்த்து வைத்த பெயர். பெண்கள் மட்டும் ஒரு பெட்டியில் சேர்ந்தால் அது ‘பச்சை நண்டு’ ஆகிவிடுகிறது. பச்சை நண்டு என்றால் சேற்று நண்டு என்று வாங்குகிறவரும் எடுத்துக்கொள்கிறார். வியாபாரி பொய் சொன்னாரா, அவருக்கே இப்படித்தான் வந்து சேர்ந்ததா என்பது வேறு விஷயம்.

பெண்தான் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறேன்? ஐந்தில் ஒன்று மல்லாக்கக் கிடந்தது. நண்டின் அடிப்பக்கத்தில், வயிறு மடங்கி ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு மூடி உண்டு. ஆணுக்கு அது குறுகலாக, கவிழ்த்துப் போட்ட ஆங்கில டி எழுத்து மாதிரி இருக்கும். வளர்ந்த பெண்ணுக்கு அரைவட்டமாக அகன்றிருக்கும், முட்டையை அதற்கடியில்தான் வைத்துக்கொள்ளும். இன்னும் பருவத்துக்கு வராத பெண்ணுக்கு முக்கோணம். இந்தப் படத்தில் இருந்தது நல்ல அகலமான அரைவட்டம். ஒரே ஒரு நண்டை மல்லாக்கப் போட்டு ஒரு படம் எடுத்தால் பாதி வழக்கு முடிந்துவிடும். ஆனால் யாரும் அப்படி எடுப்பதில்லை, மேலோடு மின்னினால்தான் விற்கும் என்று நினைக்கிறார்கள்.

கொடுக்கும் இதையே சொன்னது. நீலக்கால் நண்டின் கொடுக்கு நீண்டு ஒடிசலாக இருக்கும். அதன் மேல் கோடு போட்ட மாதிரி மேடுகள் ஓடும், விளிம்பு விளிம்பாகத் தெரியும். சேற்று நண்டின் கொடுக்கு உருண்டு, வழவழப்பாக, உள்ளே காற்றடைத்த மாதிரி உப்பியிருக்கும். ஆனால் படத்தில் கொடுக்கின் பருமனை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. கைபேசியைப் பக்கத்தில் கொண்டுபோய் எடுத்தால் முன்னால் நீட்டியிருக்கும் கொடுக்கு இரண்டு மடங்காகத் தெரியும். ஒடிந்து மறுபடி முளைத்த கொடுக்கோ சின்னதாகத்தான் இருக்கும். அதனால் பருமனை விட்டுவிட்டு வழவழப்பா, மேடு ஓடுகிறதா என்று பார்ப்பதுதான் நல்லது.

படத்தில் சிக்காத இன்னொரு தடயமும் உண்டு. சேற்று நண்டு ஈரம் மட்டும் இருந்தால் தண்ணீருக்கு வெளியே நாள் கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் அதை உயிரோடுதான் விற்பார்கள், கொடுக்கைக் கயிற்றால் கட்டித்தான் அனுப்புவார்கள். கட்டாமல் விட்டால் ஒன்றையொன்று கடித்துக் குதறும், எடுக்கிறவர் விரலையும் பிடித்துக்கொள்ளும். நீலக்கால் நண்டு கரைக்கு வந்ததும் சீக்கிரம் செத்துப்போகும், ஐஸில் போட்டுத்தான் வரும். ஐஸில் கயிறு இல்லாமல் காலை விரித்துக் கிடக்கும் நண்டுக்கு மேல் ‘சேற்று நண்டு’ என்று எழுதியிருந்தால், படத்தைப் பெரிதாக்குவதற்கு முன்பே சந்தேகம் வர வேண்டும்.

ஆறாவது நண்டைக் கண்டுபிடிக்க எந்தப் படிப்பும் வேண்டாம். அதற்கும் பக்கவாட்டில் நீண்ட முள் இருந்தது, ஆனால் ஓட்டின் பின்பாதியில் மூன்று அரக்குப் பொட்டு, ஒவ்வொன்றைச் சுற்றியும் வெளிர் வளையம். முக்கண் நண்டு. நீலக்காலோடு கலந்து ஒரே வலையில் ஏறும், ஒரே கூடையில் வந்துவிடும்.

இதே கூடைகளில் வரும் இன்னொன்று இந்தப் படத்தில் இல்லை, ஆனாலும் சொல்லாமல் போக மனமில்லை. சிலுவை நண்டு. செம்பழுப்பு ஓட்டின் நடுவில் வெளிர் நிறத்தில் சிலுவை போட்ட மாதிரி இருக்கும். இதற்குப் பக்கத்துக்கு ஆறு பல்தான், நீண்ட முள் கிடையாது. மலுக்குத் தீவுகளில் புனித சவேரியார் கடலில் தொலைத்த சிலுவையை ஒரு நண்டு கொடுக்கில் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்து கொடுத்தது என்றொரு கதை உண்டு. அங்கே போவதற்கு முன் அவர் நம் முத்துக்குளித்துறைப் பரதவர் ஊர்களில் இருந்தவர் என்பதால், இந்த நண்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கதை ஞாபகம் வரும்.

ஏழாவது நண்டு பெட்டியின் மூலையில், மற்றவற்றிலிருந்து தள்ளி இருந்தது. நைலான் கயிற்றால் கொடுக்குகள் சேர்த்துக் கட்டியிருந்தது. பக்கவாட்டில் நீண்ட முள் இல்லை, பற்கள் சமமாக இருந்தன, கொடுக்கு உப்பியிருந்தது. சேற்று நண்டு. பெட்டியில் தலைப்புக்கு உரிய நண்டு அது ஒன்றுதான்.

ஆனால் சேற்று நண்டு என்றதும் வேலை முடியவில்லை. நம் கழிமுகங்களிலிருந்து வருவது இரண்டு வகை. ஒன்று ஒரு கிலோவையும் தாண்டி வளரக்கூடிய பெரிய வகை, இன்னொன்று அந்த அளவுக்கு வளராத சிறிய வகை. விலையில் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. பெரிய வகையின் குட்டியும் சிறிய வகையின் வளர்ந்த நண்டும் தராசில் ஒரே எடை காட்டும், ஆகவே எடையை வைத்துப் பிரிக்க முடியாது. பார்க்க வேண்டிய இடம் மூன்று. முதலாவது நெற்றி. இரண்டு கண்ணுக்கும் நடுவில் நான்கு பற்கள் இருக்கும். பெரிய வகைக்கு அவை உயரமாக, கூராக நிற்கும். சிறிய வகைக்குத் தாழ்ந்து மழுங்கியிருக்கும். இரண்டாவது கொடுக்கின் மணிக்கட்டு, அதாவது உப்பிய கொடுக்குக்கு முந்தின கணு. அதன் வெளிப்பக்கத்தில் பெரிய வகைக்கு இரண்டு முள் தெளிவாக நிற்கும். சிறிய வகைக்கு அந்த இடம் ஏறக்குறைய வழுக்கையாக இருக்கும், இருந்தாலும் ஒரு சின்ன மொட்டுதான். மூன்றாவது கால்கள். பெரிய வகையின் காலெல்லாம், துடுப்புக் கால் உட்பட, வலை போட்ட மாதிரி பலகோணக் கோலம் ஓடும். சிறியதில் அது இருக்காது, அல்லது லேசாகத் தெரியும். சிறியதின் கொடுக்கு பெரும்பாலும் செங்கல் நிறம் தட்டும், ஆனால் அது நிறம், நான் அதைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதில்லை.

இந்த இரண்டு வகையின் பெயரிலும் பெரிய குழப்பம் நடந்திருக்கிறது. 1798-இல் ஃபாப்ரிசியஸ் என்ற டென்மார்க் நாட்டு ஆய்வாளர் ஒரு சேற்று நண்டுக்கு ‘டிராங்குபாரிக்கா’ என்று பெயர் வைத்தார். டிராங்குபார் என்பது டேனிஷ்காரர்களிடம் அப்போது இருந்த நம் தரங்கம்பாடி. பிறகு ரொம்ப காலம் இந்தியப் புத்தகங்களில் நம் பெரிய நண்டு தரங்கம்பாடிப் பெயரிலும், சிறிய நண்டு ‘செர்ராட்டா’ என்ற பெயரிலும் இருந்தன. நானும் அப்படித்தான் படித்தேன். 1998-இல் கீனன், டேவி, மான் என்ற மூவர் இந்தப் பேரினம் முழுவதையும் திரும்ப ஆராய்ந்து நான்கு இனமாகப் பிரித்தார்கள். அதற்குப் பிறகு இங்கே நடந்த சோதனைகளில் பெரியது செர்ராட்டா, சிறியது ‘ஒலிவேசியா’ என்று தெரியவந்தது. ஆக, பழைய புத்தகத்தில் சிறிய நண்டுக்கு இருந்த பெயர் இன்று பெரிய நண்டுக்கு. இணையத்தில் ‘செர்ராட்டா’ என்று தேடி வரும் படத்தோடு உங்கள் நண்டை ஒப்பிடுகிறீர்கள் என்றால், அந்தப் படத்தை யார் எந்தப் புத்தகம் படித்துவிட்டுப் போட்டார் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

மூலையில் இருந்த நண்டின் மணிக்கட்டைக் கயிறு மறைத்திருந்தது. நெற்றியில் ஐஸ் துண்டு ஒன்று உட்கார்ந்திருந்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டு இறாலுக்குப் போனேன்.

இறாலில் முதலில் பார்க்க வேண்டியது மீசை. தலையிலிருந்து கிளம்பி உடம்பையும் தாண்டி வளைந்து போகும் இரண்டு நீளக் கம்பிகள். ஐஸில் போட்டால் ஒடியும், ஆனால் அடிப்பக்கம் ஒரு விரல் நீளமாவது மிஞ்சியிருக்கும், அது போதும்.

உடம்பில் குறுக்கு வரி போட்ட இறால் எல்லாம் நம் ஊரில் டைகர்தான். அந்தப் பெயருக்குள் இரண்டு இனம் ஒளிந்திருக்கிறது. ஒன்று, பண்ணையிலும் கடலிலும் கிடைக்கும் கருப்பு டைகர். இன்னொன்று பச்சை டைகர், ஏற்றுமதி வட்டாரத்தில் ‘ஃபிளவர்’ என்பார்கள். இரண்டின் உடம்பிலும் கரும்பட்டையும் வெளிர்ப்பட்டையும் மாறி மாறி வரும். இரண்டும் பெரிதாக வளரும். ஓட்டை உரித்துவிட்டால் பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆனால் பச்சை டைகரின் மீசையில் செம்பழுப்பும் வெளிர் நிறமுமாக வளையம் வளையமாக ஓடும். கருப்பு டைகரின் மீசை ஒரே நிறம், சாம்பல் கலந்த பழுப்பு. வளையம் கிடையாது.

படத்தின் வலப்பக்கத்தில் வரி இறால் ஒன்றின் மீசை தெர்மோகோல் வெள்ளையின் மேல் தனியாக விழுந்திருந்தது. பெரிதாக்கினால் அதில் வளையம், ரயில்வே கேட் கம்பத்துக்கு அடித்த பெயிண்ட் மாதிரி. பச்சை டைகர். ருசியில் குறை ஒன்றும் இல்லை, என் வாய்க்குப் பண்ணைக் கருப்பு டைகரைவிட இதுதான் மேல். ஆனால் வியாபாரி எந்த டைகருக்கான விலை சொன்னார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இறால் செத்த பிறகு தலைப்பக்கத்திலிருந்து கறுக்கத் தொடங்கும். உடம்பிலுள்ள நொதியும் காற்றும் சேர்ந்து செய்கிற வேலை அது, வெட்டி வைத்த வாழைக்காய் கறுப்பதற்கு உறவு. அந்தக் கறுப்பு ஓட்டின் இணைப்புகளில் கோடாகப் படிந்தால், மங்கலான படத்தில் வெள்ளை இறாலும் வரி இறால் மாதிரித் தெரியும். உண்மையான வரி பட்டையாக, முதுகிலிருந்து இரண்டு விலாவுக்கும் ஒரே சீராக இறங்கும். கறுப்புப் படிந்தது திட்டுத் திட்டாக, தலையிலும் கால் அடியிலும் வால் விளிம்பிலும் இருக்கும். வரி என்று நினைத்துப் பழசை வாங்கிவிடக் கூடாது.

மிச்சம் இருந்தது ‘கடல் வெள்ளை இறால்’. மூன்றில் கஷ்டமானது இதுதான். நம் கடலில் பிடிபடும் வெள்ளை இறாலும், பண்ணையில் வளர்க்கும் வனாமியும் ஐஸில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வனாமிக்குச் சொந்த ஊர் மெக்சிகோவிலிருந்து பெரு வரைக்குமான பசிபிக் கரை. 2009-இல் இந்தியாவில் அதை வளர்க்க அனுமதி கிடைத்தது, சில வருஷத்தில் பண்ணைகளில் டைகரின் இடத்தைப் பிடித்துவிட்டது. ஆகவே வனாமிக்கு மேல் ‘கடல்’ என்று எழுதியிருந்தால் அது தவறு.

பிரிப்பதற்குத் தலைமுள்ளைப் பார்க்க வேண்டும். இறாலின் நெற்றியிலிருந்து இரண்டு கண்ணுக்கும் நடுவே முன்னால் நீளும் அந்த முள்ளின் மேலும் கீழும் சின்னச் சின்னப் பல் இருக்கும். மேல்பல் எண்ணிக்கை இரண்டு இனத்துக்கும் ஏழு, எட்டு, ஒன்பது என்று கலந்து வரும், அதை எண்ணிப் பிரயோஜனம் இல்லை. கீழ்ப்பக்கம் எண்ண வேண்டும். கடல் வெள்ளை இறாலுக்குக் கீழே நான்கிலிருந்து ஆறு. வனாமிக்குப் பெரும்பாலும் இரண்டு, கூடினால் நான்கு. நான்கு என்று வந்தால் இழுபறிதான். அப்போது முள்ளின் உருவத்தைப் பார்க்கலாம். வெள்ளை இறாலின் முள் ஒல்லியாக, லேசாக ஒருமுறை இறங்கி மறுபடி ஏறி, கண்ணைத் தாண்டி நன்றாக முன்னே போகும். வளர்ந்த வனாமியின் முள் கட்டையானது. மீசையும் கொஞ்சம் உதவும், வனாமியின் மீசை பல சமயம் சிவப்பேறி இருக்கும். ஆனால் மறுபடியும் அது நிறம்.

தலை கிள்ளிய இறால் என்றால் இந்தத் தடயம் எல்லாம் குப்பைத் தொட்டியில் இருக்கும். தலையில்லாத வெள்ளை இறால் படத்தை வைத்து வனாமியா கடலா என்று அடித்துச் சொல்கிறவரை நான் நம்புவதில்லை.

இந்தப் படத்தில் தலை இருந்தது, பல் எண்ணும் அளவுக்குத் தெளிவு இல்லை. அதனால் அவளிடம் இன்னொரு படம் கேட்கச் சொன்னேன். எப்படி எடுக்க வேண்டும் என்றும் எழுதினேன். வெள்ளை இறாலில் ஒன்றைத் தனியே எடுத்து, ஐஸைக் கழுவி, ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். அடியில் நல்ல கறுப்பாக ஏதாவது போட வேண்டும், தலைமுள் கண்ணாடி மாதிரி இருப்பதால் வெள்ளைப் பின்னணியில் கரைந்துவிடும். பக்கத்தில் ஒரு நாணயம், அளவுக்கு. கைபேசியை நேர் மேலே பிடித்து, ஃபிளாஷ் இல்லாமல், வாசல் வெளிச்சத்தில். வியாபாரி சிரித்திருப்பார், ஆனால் எடுத்து அனுப்பினார்.

படம் வருவதற்குள் அவள் இன்னொன்று கேட்டாள். போன மாதம் இதே குழுவில் நீளமான நீலக் கையோடு ஒரு இறால் வந்ததாம், அது என்ன என்று. அது ஆற்று இறால். ஐந்து ஜோடி நடைக்காலில் இரண்டாவது ஜோடி மட்டும் உடம்பைவிட நீளமாக, நுனியில் கொடுக்கோடு வளர்ந்திருக்கும். பெரிய ஆணுக்கு அந்தக் கை நீலம். அந்தக் கை ஒடிந்துபோயிருந்தால்? அதற்கும் வழி உண்டு. கடல் இறாலின் உடம்பு ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி. முதல் ஓடு இரண்டாவதன் மேல் ஏறியிருக்கும், இரண்டாவது மூன்றாவதன் மேல், அப்படியே வரிசையாக வால் வரைக்கும். ஆற்று இறாலில் விலாப்பக்கம் பார்த்தால் இரண்டாவது ஓடு அகலமாக விரிந்து, முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் இரண்டையும் மூடிக்கொண்டிருக்கும், குதிரை மேல் சேணம் போட்ட மாதிரி. வயிற்றுக்கடியில் முட்டைக் கொத்து ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவும் இந்தக் கூட்டம்தான். வெள்ளை, டைகர், வனாமி எல்லாம் முட்டையைத் தண்ணீரிலேயே விட்டுவிடும், சுமக்காது. ‘சினையோடு கடல் டைகர்’ என்று ஒருமுறை ஒரு படத்தில் எழுதி, இறாலின் அடிவயிற்றில் ஆரஞ்சு நிறக் கொத்தையும் காட்டியிருந்தார்கள். அந்தக் கொத்தே அது டைகர் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது.

இரண்டாவது படம் வந்தது. கறுப்புப் பாலித்தீன் பை மேல் ஒரு இறால், பக்கத்தில் ஐந்து ரூபாய் நாணயம். தலைமுள் கட்டை. மேலே எட்டுப் பல் எண்ணினேன், கீழே இரண்டு. வனாமி.

“அப்ப வேண்டாமா மாமா?”

“வேண்டாம்னு சொல்லலம்மா. புதுசா இருக்கு, தலை கறுக்கல. வனாமி விலை என்னவோ அதைக் கொடு, கடல் இறால் விலை கொடுக்காத.”

வியாபாரியிடம் அவள் எப்படிப் பேசினாளோ, இறால் ஒரு கிலோ வனாமி விலைக்கு வந்தது. பெண் நீலக்கால் நண்டு அஞ்சையும் பக்கத்து வீட்டுக்காரர்கள், அது என்னவென்று தெரிந்தே, எடுத்துக்கொண்டார்கள். கயிறு கட்டிய நண்டு இவளுக்கு. “அது பெரிய வகையா, சின்ன வகையான்னு சொல்லவே இல்லியே” என்று கேட்டபோது, கயிறு மறைக்கிறது, தெரியவில்லை என்று உள்ளதைச் சொன்னேன்.

மத்தியானம் ஒரு மணிக்கு மூன்றாவது படம். அலுமினியச் சட்டியில் நண்டு வெந்து செக்கச் செவேலென்று கிடந்தது. உயிரோடு இருக்கும்போது ஓட்டிலுள்ள செந்நிறமி ஒரு புரதத்தோடு கட்டுண்டு பச்சையாகவும் நீலமாகவும் காட்டும். சூடு பட்டால் புரதம் குலைந்து சிவப்பு வெளியே வந்துவிடும். நீலம், பச்சை என்று அதுவரை பேசியதெல்லாம் அந்தச் சட்டியில் போயே போய்விட்டது.

ஆனால் வேக வைப்பதற்கு முன் அவள் கயிற்றை அறுத்திருந்தாள். கொடுக்கு ஒன்று சட்டியின் விளிம்பில் சாய்ந்து, மணிக்கட்டின் வெளிப்பக்கம் படம் எடுத்தவளைப் பார்த்துத் திரும்பியிருந்தது. பெரிதாக்கினேன். ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு முள். நெற்றியிலும் ஐஸ் இல்லை, நான்கு பல்லும் கூராக நின்றன.

“பெரிய வகை. இன்னும் வளந்திருக்க வேண்டிய நண்டு” என்று எழுதினேன். அதற்குள் அவள் சாப்பிட உட்கார்ந்துவிட்டாள்.